வருங்கால வரவுக்கு இன்றைய விலை என்ன?

கூட்டுத் தொழிலிலிருந்து ஒருவர் விலகும்போது அவருடைய பங்குக்கு என்ன விலை கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. பல ஆண்டுகள் ஒற்றுமையாக உழைத்தவர்களும் இந்தக் கேள்வியில் மனம் கசந்து பிரிவதுண்டு. இருவரும் வெவ்வேறு அளவுகோல்களால் அளப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஒரு தொழிலின் வருங்கால வரவுகளைக் கணித்து, அவற்றின் இன்றைய மதிப்பைக் காணும் தள்ளுபடிப் பணவரவு முறை இருவருக்கும் பொதுவான அளவுகோலாக அமையக்கூடும். ஒரு சொத்து தன் உரிமையாளருக்கு வருங்காலத்தில் தரவிருக்கும் பணத்தின் இன்றைய மதிப்பே அதன் மதிப்பு என்னும் கருத்தை, அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் பர் வில்லியம்ஸ் 1938-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். அதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

புனே நகரை அடுத்த தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாக நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து தரும் ஒரு தொழிற்கூடம் இருப்பதாகக் கொள்வோம். இரு கூட்டாளிகளுக்கும் சரிபாதிப் பங்கு. ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாய். வங்கிக் கடன் 80 லட்சம். மூத்தவர் ஓய்வுபெற விரும்புகிறார். ஆண்டு லாபம் 66 லட்சம் என்பதால், அதன் பத்து மடங்கான 6.60 கோடியில் பாதியாக 3.30 கோடியைக் கேட்கிறார். இளையவரோ, கடன் போக ஏட்டில் உள்ள சொத்து 1.80 கோடிதான், ஆகவே 90 லட்சம் தருகிறேன் என்கிறார். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 2.40 கோடி.

லாபம் வேறு, கையில் மிஞ்சும் பணம் வேறு

முதற்படி, தொழில் ஆண்டுதோறும் உரிமையாளர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் உண்மையில் விட்டுத்தரும் பணத்தைக் காண்பது. கடனைப் பின்னர் தனியே கழிக்கவிருப்பதால், வட்டியைக் கழிக்காத, வரியைக் கழித்த லாபத்திலிருந்து தொடங்குகிறோம். மூத்தவர் சொன்ன 66 லட்சம் அத்தகைய தொகையே. ஆனால் அதில் ஒரு செலவு மறைந்திருக்கிறது. கொள்முதலையும் கணக்கையும் இத்தனை ஆண்டுகளாக மூத்தவரே சம்பளமின்றிக் கவனித்து வந்தார். அவர் விலகியதும் அவ்வேலைக்கு ஒரு மேலாளரை அமர்த்த வேண்டும். அதற்கு, வரிச் சலுகை போக, ஆண்டுக்கு 6 லட்சம் ஆகும். எனவே உண்மையான லாபம் 60 லட்சமே.

தேய்மானமாகக் கழித்த 20 லட்சம் கையைவிட்டுப் போன பணமன்று. ஆதலால் அதைத் திரும்பச் சேர்க்கிறோம். மாறாக, பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கச் செலவிடும் 25 லட்சம் லாபக் கணக்கில் நேரடியாக வராவிட்டாலும் கையைவிட்டுப் போகிறது. அதைக் கழிக்கிறோம்.

அடுத்தது நடைமுறை மூலதனம். சென்ற ஆண்டு விற்பனை 60 லட்சம் கூடியது. வாடிக்கையாளர்கள் 90 நாள் கழித்தே பணம் தருகிறார்கள். அதனால், கூடிய விற்பனையில் கால்பங்கான 15 லட்சம் எந்நேரமும் வெளியே நிலுவையாகவே நிற்கும். ஏடு அதை வருமானம் என்று காட்டினாலும் பெட்டிக்குள் அந்தப் பணம் இல்லை. இதையும் கழித்தால் மிஞ்சுவது 40 லட்சம். மூத்தவர் சொன்ன 66 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வளரும் தொழில்களில் லாபம் இருந்தும் பணமுடை தோன்றுவதன் காரணமும் இதுவே.

ஏன் தள்ளுபடி?

இன்று 100 ரூபாயை முதலிட்டு ஆண்டுக்கு 15 சதவீதம் ஈட்ட முடியுமானால், அடுத்த ஆண்டு கிடைக்கும் 115 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாயே. வட்டிக் கணக்கைத் திருப்பிப் போடுவதுதான் தள்ளுபடி.

15 சதவீதம் என்ற வீதத்தை எப்படித் தேர்ந்தோம்? அரசுக் கடன் பத்திரம் ஏறக்குறைய 7 சதவீதம் தருகிறது என்று கொள்வோம். சிறு தொழிலில் முதலிடுபவர் அதைவிடப் பெரிய இடர்ப்பாட்டை ஏற்கிறார். தொழில் நலிந்தால் கடன் கொடுத்தவர் முதலில் பெறுவார். உரிமையாளருக்குக் கடைசியில் மிஞ்சுவதே கிடைக்கும். ஆகவே சொந்த முதலுக்கு மேலும் 10 சதவீதம் சேர்த்து 17 சதவீதம் எதிர்பார்ப்பது நியாயம். வங்கிக் கடனுக்கு வட்டி 10 சதவீதம். வட்டியால் கிடைக்கும் வரிச் சலுகை போக அது ஏறத்தாழ 7 சதவீதம். இத்தொழிலின் மதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கடன். இரண்டையும் அந்த அளவில் கலந்தால் சுமார் 15 சதவீதம் வருகிறது.

முதலாண்டில் விலைப்போட்டியால் மிஞ்சும் பணம் உயராது என்றும், பிறகு படிப்படியாக வளரும் என்றும் எதிர்பார்க்கிறோம். ஐந்தாண்டு வரவுகளும் அவற்றின் இன்றைய மதிப்பும் லட்ச ரூபாயில் இவை:

முதலாம் ஆண்டு: 40, இன்றைய மதிப்பு 34.8
இரண்டாம் ஆண்டு: 44, இன்றைய மதிப்பு 33.3
மூன்றாம் ஆண்டு: 48, இன்றைய மதிப்பு 31.6
நான்காம் ஆண்டு: 52; இன்றைய மதிப்பு 29.7
ஐந்தாம் ஆண்டு: 55, இன்றைய மதிப்பு 27.3

மொத்தம் ஏறத்தாழ 157 லட்சம். ஐந்தாம் ஆண்டு வரவு இன்று பாதி மதிப்பே பெறுவதைக் காணலாம்.

ஐந்தாண்டுக்கு அப்பால்

தொழில் ஐந்தாண்டோடு மூடப்படுவதில்லை. அதற்குப் பின்வரும் எல்லா வரவுகளையும் ஒரே தொகையாக்கிக் காண்பதை இறுதி மதிப்பு என்பர். ஆறாம் ஆண்டு வரவை, தள்ளுபடி வீதத்துக்கும் நிலையான வளர்ச்சி வீதத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் அது கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். அதற்குச் சற்றே மேலாக 5 சதவீத வளர்ச்சியைக் கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் 55 லட்சம் 5 சதவீதம் வளர்ந்தால் 57.75 லட்சம். 15-லிருந்து 5 போக மிஞ்சும் 10 சதவீதத்தால் அதை வகுத்தால் 577.5 லட்சம். இது ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு. இதையும் தள்ளுபடி செய்தால் இன்று 287 லட்சம்.

இரண்டையும் கூட்டினால் தொழிலின் மதிப்பு 444 லட்சம். கடன் 80 லட்சத்தைக் கழித்தால் 364 லட்சம்; அதில் பாதி 182 லட்சம். மூத்தவரின் பங்கு, இக்கணக்கின்படி, 1.82 கோடி.

கணக்கை நம்புவதற்கு முன்

இங்கே நிறுத்திவிடுவதே இம்முறையைக் கையாள்வோர் செய்யும் பெரும் பிழை. 444 லட்சத்தில் 287 லட்சம், அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இறுதி மதிப்பிலிருந்து வந்தது. யாரும் பார்த்திராத ஆண்டுகளைப் பற்றிய இரண்டு எண்களே அதைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைச் சற்று அசைத்துப் பார்ப்போம். தள்ளுபடி வீதம் 18, வளர்ச்சி 4 என்று கொண்டால் மூத்தவரின் பங்கு 1.22 கோடியாகக் குறைகிறது. வீதம் 13, வளர்ச்சி 6 என்றால் 2.68 கோடியாக உயர்கிறது. தொழிற்கூடத்தில் ஓர் இயந்திரம்கூட மாறவில்லை; விடை மட்டும் இரு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. ஆகையால் ஒற்றை எண்ணை மட்டும் தரும் மதிப்பீட்டு அறிக்கையை ஏற்கக் கூடாது. இந்த இரு எண்களும் மாறினால் விடை எவ்வாறு மாறும் என்று காட்டும்படி கேட்க வேண்டும்.

அப்படியானால் இம்முறையால் என்ன பயன்? கேட்கும் விலை எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பதை இது வெளிப்படுத்துகிறது. கணக்கைப் பின்னிருந்து போட்டுப் பார்த்தால் அது புலப்படும். ஐந்தாண்டு வரவுகளையும் 15 சதவீத வீதத்தையும் மாற்றாமல் 3.30 கோடி சரியான விலையாக வேண்டுமானால், தொழில் ஆறாம் ஆண்டு முதல் என்றென்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வளர வேண்டும். அவ்வேகத்தில் முப்பது ஆண்டுகளில் அது பதினாறு மடங்குக்கு மேல் பெருகும். இன்று 6 கோடிக்குப் பெட்டி விற்கும் கூடம் அப்போது 100 கோடி அளவுக்கு விற்க வேண்டும். அதற்கு வேண்டிய புதிய கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் இக்கணக்கில் ஒரு ரூபாயும் ஒதுக்கப்படவில்லை. மேலும், மூத்தவர் தம் கணக்கில் வங்கிக் கடனைக் கழிக்கவே மறந்துவிட்டார்.

இளையவர் சொன்ன 90 லட்சத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். அது சரியாக வேண்டுமானால், ஐந்தாண்டுக்குப் பின் தொழில் ஆண்டுதோறும் 9 சதவீதம் சுருங்கிக்கொண்டே போக வேண்டும். அவர் அப்படி நம்பினால் அத்தொழிலை ஏன் தொடர விரும்புகிறார் என்று கேட்பது தகும். ஏட்டில் உள்ள சொத்து என்பது இயந்திரங்களுக்கு அன்று கொடுத்த விலையில் தேய்மானம் போக மிஞ்சியது. இத்தனை ஆண்டுகளில் சேர்ந்த வாடிக்கையாளரின் நம்பிக்கை அதில் எங்கும் எழுதப்படவில்லை.

இருவரும் கேட்ட விலைகள் 1.22 கோடிக்கும் 2.68 கோடிக்கும் இடைப்பட்ட எல்லைக்கு வெளியே நிற்கின்றன. இனிப் பேச்சு அவ்வெல்லைக்குள் நடந்தால் போதும்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விற்பனையில் பாதி ஒரே வாடிக்கையாளரிடம் போவதாகக் கொள்வோம். அவர் விலகிவிடுவாரோ என்ற அச்சத்தை வரவைக் குறைத்துக் காட்டலாம், அல்லது தள்ளுபடி வீதத்தை உயர்த்திக் காட்டலாம். இரண்டையும் செய்தால் ஒரே இடரை இருமுறை கழித்தவராவோம். வாங்குபவர் தரப்புக் கணக்கில் இப்பிழை அடிக்கடி ஒளிந்திருக்கும். இதைவிட நல்ல வழி, அந்த ஐயத்தைக் கணக்கிலிருந்து எடுத்து ஒப்பந்தத்தில் வைப்பது. இப்போது 1.45 கோடியைக் கொடுத்து, அவ்வாடிக்கையாளர் மூன்றாண்டு நீடித்தால் அப்போது மேலும் 55 லட்சம் தருவது என்று இரு கூட்டாளிகளும் எழுதிக்கொள்ளலாம். மூன்றாண்டு கழித்து வரும் 55 லட்சம் இன்று ஏறத்தாழ 36 லட்சமே. எனவே வாடிக்கையாளர் நீடித்தால் மூத்தவர் பெறுவது, இன்றைய மதிப்பில், கணக்கு காட்டிய 1.82 கோடியை ஒட்டியே அமையும். அவர் விலகினால் இளையவர் இல்லாத வரவுக்கு விலை கொடுத்தவராக மாட்டார்.