பிழை தன் இடத்தைத் தானே சொல்லும் விதம்: ஹேமிங் குறிமுறை

கணினி அறிந்த குறிகள் இரண்டே: 0, 1. இவற்றுள் ஒன்றைத்தான் ‘பிட்’ என்கிறோம். எழுத்தானாலும் எண்ணானாலும் படமானாலும், கணினிக்குள் நுழைந்தபின் எல்லாம் பிட்டுகளின் வரிசைதான். இந்த வரிசை கம்பி வழியே பயணம் செய்யும்போது மின் இரைச்சலால் ஒரு 0 மாறி 1 ஆகலாம். நினைவகத்தில் சும்மா இருக்கும்போதுகூட, வான்வெளியிலிருந்து வரும் கதிர்களின் விளைவால் ஒரு பிட் புரண்டுவிடுவதுண்டு.

புரண்டால் என்ன ஆகும்? ஓர் எளிய எடுத்துக்காட்டு. 5 ரிங்கிட் என்னும் விலையை நான்கு பிட்டுகளில் எழுதினால் 0101. அதில் மூன்றாவது பிட் மட்டும் புரண்டால் 0111 ஆகும், அது 7. ஐந்து ரிங்கிட் ஏழு ரிங்கிட் ஆகிவிட்டது. இதில் கவலைக்குரிய செய்தி, 7 என்பதும் ஒரு நல்ல எண்தான் என்பதே. எழுத்துப்பிழை விழுந்த சொல்லைப் பார்த்தவுடன் கண்ணில் உறுத்தும். பிட்டுப் பிழை உறுத்தாது. பெற்றுக்கொள்ளும் கணினிக்கு 0111 ஐயத்திற்கு இடமில்லாத ஒரு விலை.

இதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் தீர்வு ஒன்று உண்டு. அனுப்பும்போது கூடுதலாக ஒரு பிட் சேர்த்து, மொத்தத்தில் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி செய்வது. நம் பாட நூல்கள் இதைப் ‘பாரிட்டி பிட்’ என்கின்றன. இக்கட்டுரையில் ‘சரிபார்ப்புப் பிட்’ என்றே அழைப்போம். 0101-இல் 1-கள் இரண்டு, இரட்டைப்படைதான், ஆகவே 0 சேர்த்து 01010 என அனுப்புகிறோம். வழியில் 01110 ஆகிவிட்டால் 1-கள் மூன்று. ஒற்றைப்படை! ஏதோ தவறு என்று பெறுபவர் அறிந்துகொள்வார். ஆனால் எந்தப் பிட் தவறியது? அதை அறிய வழியில்லை. மீண்டும் அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும்.

கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆளில்லை என்றால்? இக்கேள்விதான் ரிச்சர்டு ஹேமிங் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளரை உலுக்கியது. 1947-இல் அவர் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கிருந்த ரிலே கணினி பிழையைக் கண்டால் நின்றுவிடும். வார நாட்களில் பணியாளர்கள் வந்து சரிசெய்வார்கள். வார இறுதியில் ஆளிருக்கமாட்டார்கள். எனவே இயந்திரம் அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஹேமிங்கின் கணக்குகள் வார இறுதியில்தான் ஓடின. அடுத்தடுத்து இரண்டு வாரம் அவர் வேலை இப்படிக் கைவிடப்பட்டபோது எரிச்சலுற்றார். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்திற்கு, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதற்கு அவர் கண்ட விடை 1950-இல் கட்டுரையாக வெளிவந்தது.

பிட்டுக்கு இரண்டே நிலைதான் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தவறிய இடம் தெரிந்துவிட்டால் திருத்தம் தானே கிடைத்துவிடும். அங்கே 1 இருந்தால் 0 ஆக்க வேண்டும், 0 இருந்தால் 1 ஆக்க வேண்டும். ஆகவே நமக்குத் தேவைப்படுவது இடம் மட்டுமே.

ஹேமிங் செய்தது இதுதான். நான்கு தரவுப் பிட்டுகளோடு மூன்று சரிபார்ப்புப் பிட்டுகளைச் சேர்த்து ஏழு இடங்களாக்கினார். 1, 2, 4 ஆகிய இடங்கள் சரிபார்ப்புக்கு. 3, 5, 6, 7 தரவுக்கு. சரிபார்ப்புப் பிட்டுகளைக் கடைசியில் மொத்தமாக வைக்காமல் ஏன் இப்படி இடையிடையே செருக வேண்டும் என்று தோன்றலாம். விடை கூட்டலில் இருக்கிறது. 1, 2, 4 என்னும் மூன்று எண்களைக் கொண்டு 1 முதல் 7 வரை எந்த எண்ணையும் ஒரே ஒரு விதத்தில் கூட்டிப் பெறலாம். 3 என்பது 2+1. 5 என்பது 4+1. 6 என்பது 4+2. 7 என்பது 4+2+1.

இப்போது ஒவ்வோர் இடமும் தன் கூட்டலில் வரும் எண்களின் குழுவில் சேர்கிறது. 5-ஆம் இடம் 4-ஆம் குழுவிலும் 1-ஆம் குழுவிலும் உறுப்பினர். 2-ஆம் குழுவோடு அதற்குத் தொடர்பில்லை. இப்படிச் சேர்த்தால் மூன்று குழுக்கள் கிடைக்கும்:

```
1-ஆம் குழு : இடங்கள் 1, 3, 5, 7
2-ஆம் குழு : இடங்கள் 2, 3, 6, 7
4-ஆம் குழு : இடங்கள் 4, 5, 6, 7
```

விதி ஒன்றே: ஒவ்வொரு குழுவிலும் 1-கள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த ஒற்றைப்படை, இரட்டைப்படையைத் தவிர வேறெந்தக் கணிதமும் இதில் இல்லை. விரிவுரையில் இதையே அணிகளாகப் பலகையில் எழுதும்போது பலரும் மிரண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். அணிகள் வேண்டாதவை என்று சொல்லவில்லை. ஆனால் குழுக்களைப் புரிந்துகொண்டபின் அவற்றைப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து.

நம் 0101-ஐ எடுத்துக்கொள்வோம். தரவுப் பிட்டுகளை 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் வரிசையாக வைத்தால் 3-இல் 0, 5-இல் 1, 6-இல் 0, 7-இல் 1.

1-ஆம் குழுவில் 3, 5, 7 ஆகிய இடங்களில் முறையே 0, 1, 1 உள்ளன. 1-கள் இரண்டு, இரட்டைப்படை. எனவே 1-ஆம் இடத்தில் 0 வைக்கிறோம். 2-ஆம் குழுவில் 3, 6, 7 ஆகிய இடங்களில் 0, 0, 1. ஒரே ஒரு 1, ஒற்றைப்படை. அதை இரட்டைப்படையாக்க 2-ஆம் இடத்தில் 1 வைக்கிறோம். 4-ஆம் குழுவில் 5, 6, 7 ஆகிய இடங்களில் 1, 0, 1. இரட்டைப்படை, எனவே 4-ஆம் இடத்தில் 0.

```
இடம்        : 1 2 3 4 5 6 7
அனுப்பியது  : 0 1 0 0 1 0 1
```

வழியில் 6-ஆம் இடம் புரள்கிறது என்க. முன்பு ஐந்தை ஏழாக்கிய அதே பிழைதான் இது.

```
இடம்        : 1 2 3 4 5 6 7
பெற்றது     : 0 1 0 0 1 1 1
```

எது புரண்டது என்று பெறுபவருக்குத் தெரியாது. அவர் மூன்று குழுக்களையும் எண்ணுகிறார். 1-ஆம் குழுவில் 0, 0, 1, 1: இரட்டைப்படை, சரி. 2-ஆம் குழுவில் 1, 0, 1, 1: மூன்று, தவறு. 4-ஆம் குழுவில் 0, 1, 1, 1: மூன்று, இதுவும் தவறு. தவறிய குழுக்களின் எண்களைக் கூட்டுகிறார்: 2+4=6. ஆறாவது இடம்! அங்கிருக்கும் 1-ஐ 0 ஆக்கி, 3, 5, 6, 7 ஆகிய இடங்களைப் படித்தால் 0101. ஐந்து ரிங்கிட் திரும்பக் கிடைத்துவிட்டது.

எந்தக் குழுக்கள் புகார் செய்கின்றன என்பதே பிழையின் முகவரி. 6-ஆம் இடம் 2-ஆம் குழுவிலும் 4-ஆம் குழுவிலும் மட்டும் இருப்பதால், அது புரண்டால் அவ்விரண்டும்தான் கெடும். வேறெந்தத் தனி இடம் புரண்டாலும் சரியாக இந்த இரண்டு மட்டும் கெடாது. சரிபார்ப்புப் பிட்டே புரண்டாலும் குழப்பமில்லை. 4-ஆம் இடம் புரண்டால் 4-ஆம் குழு மட்டும் கெடும், கூட்டுத்தொகை 4, தரவுக்குச் சேதமில்லை என்று தெரிந்துவிடும். ஒரு குழுவும் கெடவில்லையெனில் கூட்டுத்தொகை 0, அதாவது எந்த இடமும் புரளவில்லை.

மூன்று சரிபார்ப்புப் பிட்டுகள் ஏன், இரண்டு போதாதா? இரண்டு குழுக்கள் சரி, தவறு என நான்கு வகை விடைகளைத்தான் தர முடியும். நான்கும் இரண்டும் சேர்ந்த ஆறு இடங்களையும் ‘பிழையில்லை’ என்பதையும் பிரித்துச் சொல்ல ஏழு விடைகள் தேவை. மூன்று குழுக்களோ எட்டு விடைகளைத் தரும். ஏழு இடங்களும் ‘பிழையில்லை’ என்பதும் சேர்ந்தால் சரியாக எட்டு. ஒன்றும் மிஞ்சவில்லை. இதையே ஒவ்வொரு பிட்டையும் மும்முறை அனுப்பி, பெரும்பான்மையைப் பார்த்தும் சாதிக்கலாம்; ஆனால் அதற்குப் பன்னிரண்டு பிட்டுகள் வேண்டும்.

ஒன்றும் மிஞ்சாதது அழகுதான். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மேலே சொன்ன 6-ஆம் இடத்தோடு 3-ஆம் இடமும் சேர்ந்து புரண்டுவிட்டது என்க. பெற்றது 0 1 1 0 1 1 1. 1-ஆம் குழுவில் 0, 1, 1, 1: தவறு. 2-ஆம் குழுவில் 1, 1, 1, 1: சரி. 4-ஆம் குழுவில் 0, 1, 1, 1: தவறு. 1+4=5. பெறுபவர் ஒரு குற்றமும் செய்யாத 5-ஆம் இடத்தைப் புரட்டிவிடுவார்! கிடைப்பது 0 1 1 0 0 1 1. அதிலுள்ள தரவு 1011, அதாவது 11 ரிங்கிட். இரண்டாக இருந்த பிழை மூன்றாகிவிட்டது. இதைவிடக் கெடுதல், மூன்று குழுக்களும் இப்போது இரட்டைப்படையாக இருக்கும் என்பது. மறுபடி சோதித்தாலும் எல்லாம் சரி என்றே விடை வரும். எட்டு விடைகளும் ஒற்றைப் பிழைக்கே ஒதுக்கப்பட்டுவிட்டதால் ‘இரண்டு பிழை’ என்று சொல்ல விடையே மீதமில்லை. தேர்வில் இக்குறிமுறை இரண்டு பிழைகளைத் திருத்துமா என்று கேட்டால், திருத்தாது என்பதோடு நிறுத்தாமல் தவறாகத் திருத்தும் என்றும் எழுதுங்கள்.

இதற்கு மருந்தாக எட்டாவதாக ஒரு பிட்டைச் சேர்ப்பார்கள். அது எட்டு இடங்களின் மொத்தத்தையும் இரட்டைப்படையாக்கும். நாம் அனுப்பிய 0 1 0 0 1 0 1-இல் 1-கள் மூன்று. ஆகவே எட்டாவது 1. வழியில் 6-ஆம் இடம் மட்டும் புரண்டால் மொத்தம் ஐந்தாகும், ஒற்றைப்படை. முகவரியும் 6 என்று வருவதால் தயங்காமல் திருத்தலாம். 3-ம் 6-ம் சேர்ந்து புரண்டால் மொத்தம் ஆறு. இரட்டைப்படைதான், ஆனால் குழுக்கள் 5 என்று முகவரி தருகின்றன. ஒற்றைப் பிழையாக இருந்திருந்தால் மொத்தம் ஒற்றைப்படையாகியிருக்குமே! இந்த முரணைக் கண்டவுடன் இரண்டு புரண்டிருக்கின்றன என்று அறிந்து, கைவைக்காமல் பிழை என்று அறிவித்துவிட வேண்டும். மொத்தம் ஒற்றைப்படையாகி மூன்று குழுக்களும் சரியாக இருந்தால், புரண்டது எட்டாவது பிட்டேதான். மூன்று பிட்டுகள் ஒருசேரப் புரண்டால் இதுவும் ஏமாறும். மொத்தம் ஒற்றைப்படை என்பதால் ஒற்றைப் பிழை என்றே எண்ணிக்கொள்ளும்.

நான்கு பிட்டைக் காக்க நான்கு பிட் என்பது பெருஞ்செலவாகத் தோன்றலாம். ஆனால் தரவு நீள நீளச் செலவு விகிதம் குறையும். குழு ஒன்று கூடினால் விடைகள் இருமடங்காவதே காரணம். 64 தரவுப் பிட்டுகளுக்கு ஏழு சரிபார்ப்புப் பிட்டுகள் போதும். ஏழு குழுக்கள் 128 விடைகளைத் தரும், தேவையோ 72 மட்டுமே. மொத்தத்தைப் பார்க்கும் பிட்டையும் சேர்த்தால் எட்டு. சர்வர் கணினிகளின் பிழைதிருத்தும் நினைவகப் பலகைகள் பலவற்றில் 64-க்குப் பதில் 72 பிட் அகலம் என்று குறிப்பிட்டிருப்பது இக்கணக்கினால்தான். அடுத்த முறை கணினி ஆய்வுக்கூடத்தில் அத்தகைய பலகை கையில் கிடைத்தால் சில்லுகளை எண்ணிப் பாருங்கள். எட்டெட்டுப் பிட் சில்லுகளாலான பலகைகள் பலவற்றில் ஒரு பக்கத்திற்கு எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருக்கும்.