புது ரேம் போட்டதும் கம்ப்யூட்டர் ஓடவில்லையா? லேபிளைப் பாருங்கள்!

தோட்டத்து வீடுகளில் பிள்ளைகள் படிக்க ஈப்போவிலிருந்து செகண்ட்-ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கி வருகிறோம். ரேம் போதவில்லை என்று இன்னொன்று வாங்கிச் செருகினால் ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். சில சமயம் தானே நின்று, திரும்பத் திரும்ப முயலும்.

ரிங்லெட்டில் என் சித்தி மகன் வீட்டில் நடந்ததும் இதுதான். அவன் கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, டிடிஆர்3 ரேம் போடுவது. இருந்தது 4 ஜிபி. புதிதாக வாங்கியது வேறு பிராண்டில் 8 ஜிபி. பிராண்ட்தான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் காரணம் லேபிளில் இருந்தது.

1. ரேங்கைப் பாருங்கள்

லேபிளில் `1Rx8` அல்லது `2Rx8` என்று இருக்கும். R-க்கு முன்னால் உள்ள எண்தான் ரேங்க். அதாவது, சிப்புகள் எத்தனை அணியாகப் பிரிந்து வேலை செய்கின்றன என்பது. x8 என்று முடிந்தால் ஓர் அணிக்கு 8 சிப்புகள்.

2. வகுத்துப் பாருங்கள்

இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்புகளுக்கு x8 ரேமில் ஓர் அணிக்கு 4 ஜிபிதான் எல்லை. தம்பி வாங்கியது 8 ஜிபி `1Rx8`. எட்டை ஒன்றால் வகுத்தால் 8; எல்லை தாண்டிவிட்டது. அதே 8 ஜிபியை `2Rx8`-ஆக மாற்றி வாங்கினான், ஓடியது. இதில் அணிக்கு 4 ஜிபிதான். லேபிள் கிழிந்திருந்தால் சிப்புகளை எண்ணுங்கள்: 8 ஜிபிக்கு மொத்தம் 16 இருக்க வேண்டும்.

3. அளவும் பிராண்டும் கலக்கலாம்

4-உம் 8-உம் சேர்ந்து 12 ஜிபி ஓடும். ஒன்று 1333, மற்றது 1600 வேகம் என்றால் இரண்டும் 1333-இல் ஓடும், அவ்வளவுதான். டிடிஆர்3-உம் டிடிஆர்4-உம் மட்டும் சேராது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்திச் செருகாதீர்கள்.

4. ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். நம் மலை ஈரத்தில் ரேமின் தங்கநிறப் பற்கள் மங்கியிருக்கலாம். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். பிறகு பழையதைத் தனியாக, புதியதைத் தனியாகப் போடுங்கள். புதியது தனியாகவும் ஓடாமல், டிடிஆர்3 போடும் வேறு புது மாடல் கம்ப்யூட்டரில் ஓடினால் பொருத்தம்தான் பிரச்சினை. தனித்தனியே ஓடி, சேர்த்தால் நின்றால், மீண்டும் பிளக்கைக் கழற்றி, மதர்போர்டின் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து மாட்டி, பயாஸில் வேகத்தைக் குறையுங்கள்.

5. ஓடியதும் விடாதீர்கள்

விண்டோஸில் `mdsched.exe` சோதனையை ஓட விடுங்கள். பிழை வந்தால் அந்த ஜோடி வேண்டாம். நடுவில் நீலத்திரை வந்து பிள்ளையின் வேலை அழியும்.

ஈப்போவுக்கு இறங்குமுன் கடைக்காரரிடம் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்றித் தருவாரா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.