ஒரு நெடில், இரண்டு குறில்: கணினி எழுப்பும் பீப் ஒலியைப் படிப்பது எப்படி

பவர் பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி சுற்றுகிறது. மானிட்டர் கறுப்பாகவே நிற்கிறது. கேபினெட்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட பீப், அதை ஒட்டி இரண்டு குட்டிப் பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் அதே வரிசை. ராயகிரியில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஒரு கடையில் காலையில் இப்படி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சங்கரன்கோவிலில் சர்வீஸ் பார்ப்பவருக்குப் போன் போடுகிறார். "அண்ணாச்சி, சிஸ்டம் கூவிக்கிட்டே கெடக்கு. ஒண்ணு நீளமா, ரெண்டு சின்னதா." மறுமுனையில் பதில் உடனே வருகிறது: "அப்ப கிராபிக்ஸ் கார்டுதான். அதைக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க." கார்டைக் கழற்றிய பிறகும் அதே ஒலி.

சர்வீஸ்காரர் சொன்னது ஒரு வகைப் போர்டுக்குச் சரி. கடையில் இருப்பது வேறு வகை. பீப் ஒலிக்கு உலகம் முழுக்கப் பொதுவான அகராதி கிடையாது, இந்த வேலையில் காசு வீணாவது பெரும்பாலும் அதை மறப்பதால்தான்.

ஒலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். மின்சாரம் கிடைத்ததும் மதர்போர்டில் உள்ள பயாஸ், விண்டோஸைத் தேடுவதற்கு முன்பே, தன் உறுப்புகளை வரிசையாகச் சோதிக்கிறது. ரேம் தயாராகி, கிராபிக்ஸ் இயங்கினால்தான் திரையில் எழுத்து வரும். அதற்கு முன்பே தடங்கல் வந்தால் சொல்வதற்குத் திரை இல்லை. அதனால் ஸ்பீக்கரில் ஒலி எழுப்புகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அதில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் திரைக்கான அட்டையில் கோளாறு. பிறகு வந்த அவார்டு பயாஸும் அதே பொருளை வைத்துக்கொண்டது. பழைய ஆட்கள் வாயில் "கிராபிக்ஸ் கார்டு" என்று சட்டென வருவது அந்தப் பழக்கத்தால்.

ஆனால் ஏசஸ் நிறுவனத்தின் பிற்காலப் போர்டுகளின் கையேட்டில், ஒரு நீளம் இரண்டு குட்டை என்று திரும்பத் திரும்ப வந்தால் ரேம் தட்டுப்படவில்லை என்று பொருள். ஒரு நீளம் மூன்று குட்டை வந்தால்தான் கிராபிக்ஸ் இல்லை. அதே ஒரு நீளம் மூன்று குட்டை, பழைய அமி பயாஸ் பட்டியலில் ரேம் கோளாறு! ஒரே ஒலிக்கு நேர்மாறான பொருள்கள். ஆகவே எண்ணுவதைப் போலவே முக்கியம், யாருடைய போர்டு என்று பார்ப்பது.

முதலில் ஒலியைப் பதிவு செய்யுங்கள்

பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தாமல், செல்போனில் அரை நிமிடம் ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நேரில் கேட்கும்போது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழம்பும். பதிவை ஓடவிட்டால் நீண்ட இடைவெளி எங்கே வருகிறது என்று தெளியும். அந்த இடைவெளிக்கு அடுத்த ஒலிதான் வரிசையின் தொடக்கம். நீளத்துக்கு 'நெ', குட்டைக்கு 'கு' என்று காகிதத்தில் எழுதுங்கள்: நெ கு கு. பெரும்பாலும் தவறு, வரிசையை நடுவில் பிடிப்பதால் வருகிறது. கு கு நெ என்று எழுதியவர் எந்தப் பட்டியலிலும் அதைக் காணமாட்டார்.

ஒலியே வராவிட்டால் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது வரும் பல கேபினெட்டுகளில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே இருப்பதில்லை. போர்டின் ஓரத்தில் ஸ்பீக்கர் என்று குறித்த நான்கு பின்கள் இருந்தால், மலிவாகக் கிடைக்கும் குட்டிப் பஸ்ஸர் ஒன்றை வாங்கி அதில் செருகலாம். சில புதிய போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சோதனை நின்றிருக்கிறது.

பிறகு போர்டின் பெயர்

அசெம்பிள் செய்த சிஸ்டம் என்றால் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ரேம் ஸ்லாட்டுக்கும் கார்டு ஸ்லாட்டுக்கும் நடுவில் நிறுவனப் பெயரும் மாடல் எண்ணும் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்த மாடலின் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் பார்ப்பதே சரியான வழி. சிஸ்டம் நன்றாக ஓடும் நாளிலேயே ரன் பெட்டியில் கீழ்க்கண்டதைத் தட்டி, போர்டின் பெயரைக் குறித்து கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவைப்பது நல்லது.

```
msinfo32
```

கம்பெனிகளில் கழித்து இரண்டாங்கையாக விற்கும் பிராண்டட் சிஸ்டங்கள் நம் பக்கத்திலும் நிறைய வருகின்றன. அவற்றின் வழக்கம் தனி. டெல் ஆப்டிபிளெக்ஸ் பலவற்றில் நீளம் குட்டை என்ற பேதம் இல்லை, எண்ணிக்கை மட்டுமே. இரண்டு என்றால் ரேம் தட்டுப்படவில்லை, நான்கு என்றால் ரேம் படிப்பதிலோ எழுதுவதிலோ கோளாறு, ஆறு என்றால் கிராபிக்ஸ். பழைய ஹெச்பி மேசைக்கணினிகளில் ஐந்து ரேமுக்கு, ஆறு கிராபிக்ஸுக்கு. புதியவற்றில் மூன்று நீளம் இரண்டு குட்டை ரேம் பக்கம், மூன்று நீளம் மூன்று குட்டை கிராபிக்ஸ் பக்கம். பவர் விளக்கும் அதே கணக்கில் சிவப்பாகவும் வெள்ளையாகவும் மின்னும்.

கையேடு கிடைக்காதபோது ஒரு சோதனை

எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி இது. சுவர் சுவிட்சை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்னையும் இறக்குங்கள். பிறகு எல்லா ரேமையும் கழற்றிவிட்டு, வயரை மாட்டி ஆன் செய்யுங்கள். இப்போது வரும் ஒலிதான் அந்தப் போர்டு 'ரேம் இல்லை' என்று சொல்லும் விதம்.

முன்பு வந்த அதே வரிசை என்றால் கோளாறு ரேம் பக்கம். ஒலி மாறினால் முதல் புகார் பெரும்பாலும் வேறு எதையோ பற்றியது, கிராபிக்ஸைப் பாருங்கள். ரேமைக் கழற்றியும் ஒலியே இல்லை என்றால் பிராசசரோ போர்டோ உயிர்பெறவில்லை, அல்லது ஸ்பீக்கர் இல்லை.

ரேம் பக்கம் என்று தெரிந்தால்

ராயகிரி கடைக்கு வருவோம். இரண்டு ஸ்லாட் கொண்ட ஏசஸ் எச்61 வகைப் போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு. ரேமைக் கழற்றினாலும் அதே நெ கு கு. ஆகவே ரேம் பக்கம்தான்.

முதல் வேலை துடைப்பது. மலையடிவார ஊர்களில் சாரல் காலத்து ஈரமும் கடையின் தூசியும் சேர்ந்து ரேமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய படலம் கட்டும். வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். உலர்ந்த மென்தூரிகை போதும். மறுபடி செருகும்போது ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் பொருந்த வேண்டும். இரு முனையையும் ஒருசேர அழுத்தி, தாழ் 'டக்' என்று விழும்வரை இறக்குங்கள். பாதி இறங்கிய ரேம் இல்லாத ரேமுக்குச் சமம். இந்த வகைப் புகாரில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் ரேமை முதல் ஸ்லாட்டில் மட்டும் போட்டு ஆன் செய்க. பிறகு இரண்டாவது ரேமை அதே ஸ்லாட்டில். அப்புறம் இரண்டையும் தனித்தனியாக இரண்டாம் ஸ்லாட்டில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மின்சாரத்தைத் துண்டிப்பது கட்டாயம். நம் கடையில் இரண்டு ரேமும் முதல் ஸ்லாட்டில் ஓடின. இரண்டாம் ஸ்லாட்டில் இரண்டுமே கூவின. ஒரு ரேம் எங்கே போட்டாலும் கூவியிருந்தால் அந்த ரேம்தான் போயிருக்கும். இங்கே இரண்டும் நல்லவை, இரண்டாம் ஸ்லாட்டின் வழிதான் அடைபட்டிருக்கிறது.

அதற்குக் காரணம் ஸ்லாட்டாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. இந்தக் கால பிராசசர்களில் ரேமை ஆளும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், மின்விசிறியை ஒரு பக்கமாக இறுக்கியதால் பிராசசர் சரியாக அமராவிட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் செத்ததுபோல் காட்டும். அண்மையில் மின்விசிறியைக் கழற்றி மாட்டியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். அது சரிப்படாவிட்டால் முதல் ஸ்லாட்டில் 8 ஜிபி ரேம் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டலாம். கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தால் பணம் அத்தனையும் வீண்.

அந்த 8 ஜிபி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. விலை மிகக் குறைந்த டிடிஆர்3 ரேம்களில் சில, ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடக்கூடியவை. இன்டெல் போர்டில் போட்டால் புத்தம் புதிய ரேமே ரேம் இல்லை என்று கூவும். ராஜபாளையத்தில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், போர்டின் பெயரைச் சொல்லி, ஓடாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டே வாங்குங்கள்.

கிராபிக்ஸ் பக்கம் என்றால்

மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, மானிட்டர் வயரைப் போர்டில் உள்ள துளையில் செருகி ஆன் செய்யுங்கள். திரை வந்தால் கார்டோ அதன் ஸ்லாட்டோ குற்றவாளி. பற்களைத் துடைத்து மறுபடி செருகி, தனி மின் வயர் உள்ள கார்டானால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் அந்த வயர் முழுதாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை மாட்ட மறப்பது அடிக்கடி நடக்கிறது.

இந்தச் சோதனை எல்லாப் பிராசசருக்கும் செல்லாது. பெயரின் முடிவில் 'எஃப்' எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. 5000 வரிசை வரையிலான மேசைக்கணினி ரைசன்களிலும் 'ஜி' இல்லாதவற்றில் கிடையாது. அவற்றில் கார்டைக் கழற்றினால், கழற்றியதற்காகவே கிராபிக்ஸ் பீப் வரும். ஓடுகிற வேறொரு கார்டைக் கடன் வாங்கிப் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

ஒலி நின்ற பிறகு

பயாஸ் தொடக்கத்தில் செய்வது மேலோட்டமான சோதனை. பீப் நின்றதால் ரேம் முழுக்க நல்லது என்று ஆகிவிடாது. விண்டோஸ் வந்ததும் ரன் பெட்டியில்

```
mdsched.exe
```

என்று தட்டி, வரும் பெட்டியில் உடனே மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தால் சிஸ்டம் மறுபடி ஆன் ஆகி ரேமைச் சோதிக்கும். இன்னும் ஆழமாகப் பார்க்க மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி, இரவு கடை மூடும்போது ஓடவிட்டுப் போகலாம். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் அந்த ரேமை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரின் விண்ணப்பத்தையோ கணக்கையோ செய்யாதீர்கள். அதைத் தனியாகப் போட்டு மீண்டும் சோதித்து, பிழை திரும்பி வந்தால் மாற்றிவிடுங்கள்.