உள்ளே நுழைய முடியாத கணக்கும் வெளியே போகும் காசும்

புதுக்கடையில் புதிதாக மொபைல் கடையோ கம்ப்யூட்டர் சென்டரோ திறந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். வங்கிக் கவுண்டரில் காலம் கழித்தவன் நான். "ஈமெயில் லாக் ஆகிட்டு, பாஸ்வேர்டை யாரோ மாத்திட்டான், ஆனா மாசாமாசம் காசு மட்டும் போய்ட்டே இருக்கு" என்று ஒருவர் வந்து நிற்பார். உள்ளே போய் ரத்து செய்யச் சொல்வதில் பயனில்லை. உள்ளே போக முடியாததுதானே அவருடைய சிக்கல்! அப்போது என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன், கேளுங்கள் மக்களே.

1. கணக்கை மீட்பது ஒரு வேலை, காசை நிறுத்துவது வேறு வேலை.

பெரும்பாலானவர்கள் முதலில் கணக்கை மீட்கத்தான் ஓடுகிறார்கள். அதற்கு நாள்கணக்கில் ஆகும், சிலருக்குக் கிடைக்காமலே போகும். அதற்குள் அடுத்த தவணை கழிந்துவிடும். காசை எடுக்கும் அனுமதி அந்த நிறுவனத்தின் கணக்குக்குள் மட்டும் இல்லை. வாடிக்கையாளரின் வங்கியிலும் பதிவாகி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தானாகக் கழியும் ஒவ்வொரு தவணைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டும் தடுக்கவும், அனுமதியையே மொத்தமாகத் திரும்பப் பெறவும் வழி வைக்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை, நிறுவனத்தின் சம்மதமும் வேண்டாம். ஆகவே முதலில் வங்கிப் பக்கத்தை அடைத்துவிடுங்கள். மீட்பு பிறகு.

2. காசு எந்த வழியாகப் போகிறது என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

வந்தவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். "கார்டில்தான் போகுது" என்பார். பார்த்தால் யூபிஐ ஆட்டோபேயாக இருக்கும். கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்து, கழிந்த வரியைப் படியுங்கள். யூபிஐ என்று இருந்தால், அந்த அனுமதி உருவான ஆப்பிலேயே ஆட்டோபே பகுதியில் முதலில் தேட வேண்டும். ஒன்றில் உருவானதை இன்னொன்றில் தேடி, "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போனவர்கள் பலர். கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இருந்தால் அது கார்டு வழி. வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ இ-மேன்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற தலைப்பில் கிடைக்கும். ஏசிஎச் அல்லது நாச் என்று இருந்தால், அது வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் போகிறது. கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து ரத்து செய்வதே நம்பகமான வழி. எந்த வரியும் இல்லாமல் போன் பில்லிலோ ரீசார்ஜ் பணத்திலோ குறைந்தால், அது தொலைபேசி நிறுவனத்தின் சேவை. அவர்களைக் கேட்க வேண்டும்.

3. ரத்து செய்ததோடு விடாமல், ரத்தானதா என்று பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு பாட்டு ஆப்புக்கு மாதம் 199 ரூபாய், ஒவ்வொரு 5-ஆம் தேதியும் டெபிட் கார்டில் கழிகிறது என்று வையுங்கள். 2-ஆம் தேதி அவருடைய ஈமெயில் களவு போயிற்று. 4-ஆம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்: இன்ன நிறுவனம், இன்ன தொகை, இன்ன தேதி. ஆனால் 4-ஆம் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே வங்கி ஆப்பைத் திறந்து, நிறுவனத்தின் பெயரைத் தொட்டு, ரத்து என்று கொடுத்தால் போனுக்கு ஓடிபி வரும். யூபிஐயாக இருந்தால் பின் நம்பர் கேட்கும். முடிந்ததும் வரும் உறுதிச் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். 4-ஆம் தேதி முன்னறிவிப்பு வரவில்லை, 5-ஆம் தேதி கழியவில்லை என்றால்தான் வேலை முடிந்தது. முன்னறிவிப்பு மறுபடி வந்தால், வேறொரு அனுமதியும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்; மறுபடி தேடுங்கள்.

ஒன்று கவனம். இதே சாயலில் போலிச் செய்திகளும் வருகின்றன. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களாக வங்கி ஆப்புக்குள் போய்ப் பாருங்கள்.

4. கணக்கில் காசு வைக்காமல் விடுவது தீர்வு அல்ல.

"பேலன்ஸ் இல்லாமப் போட்டா எப்படி எடுப்பான்?" என்று கேட்பார்கள். யூபிஐயிலோ கார்டிலோ முயற்சி தோற்கலாம்; அனுமதி அப்படியே இருக்கும், காசு வந்தபின் அடுத்த முயற்சியில் கழியும். நாச் வழியில் இது இன்னும் மோசம். திரும்பும் ஒவ்வொரு தடவையும் வங்கி அபராதம் பிடிக்கும். அது கடன் தவணையாக இருந்தால், போதிய பணம் இல்லாமல் மின்னணுப் பற்று திரும்புவது 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் குற்றமாகவும் ஆகலாம், செக் திரும்புவதைப் போலவே. அதனால் சந்தா எது, கடன் எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடாதீர்கள்.

கார்டை மாற்றுவதும் முழு மருந்து அல்ல. வெளிநாட்டு வங்கிக் கார்டுகளில் புது எண்ணைக் கடைகளுக்குத் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டை விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. நம் ஊரில் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே வாங்கிய கார்டுக்கு நம் ரிசர்வ் வங்கியின் 24 மணி நேர விதியும் கிடையாது. அந்த வங்கியிடம், "இன்ன நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்கிறேன்" என்று பெயர் சொல்லி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

5. கொடுத்த அனுமதிக்கும் கொடுக்காத பற்றுக்கும் சட்டம் வேறு.

நான் அதிகம் அழுத்திச் சொல்வது இதைத்தான். பாட்டு ஆப்பின் 199 ரூபாய் நீங்களே ஒப்புக்கொண்டது. கணக்கு களவு போனபின் ஒரு தவணை கழிந்தால், அதை முதலில் நிறுவனத்திடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். மோசடி என்று வங்கியிடம் எழுதினால் தள்ளிவிடுவார்கள்.

ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரின் பேஸ்புக் கணக்கைப் பிடித்தவன், அதில் சேமித்திருந்த கார்டில் விளம்பரம் ஓட்டுகிறான் என்றால், அது அவர் கொடுக்காத பற்று. சில வெளிநாட்டு நிறுவனங்கள் ஓடிபி இல்லாமலே எடுத்துவிடும். விளம்பரக் கட்டணம் ஒரு தொகை சேரச்சேரக் கழிவதால், ஒரே இரவில் பல செய்திகள் வரும். வந்தவுடன் வங்கி ஆப்பில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் அணைத்து, கார்டையும் பிளாக் செய்யச் சொல்லுங்கள். பிறகு 1930-க்கு அழைத்து, `cybercrime.gov.in` தளத்தில் பதிந்து, வங்கியிலும் புகார் எண் வாங்க வேண்டும்.

நாள் கணக்கு இங்கே முக்கியம். தவறு வாடிக்கையாளருடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல, மூன்றாம் ஆள் செய்தது என்றால், வங்கியின் செய்தி கிடைத்த நாளை விட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்குப் பொறுப்பே இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவு. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஓரளவு பொறுப்பு. இரண்டாம் சனிக்கு முந்திய வெள்ளி இரவு செய்தி வந்தால் சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள். ஆனாலும் புதன்வரை ஆற வேண்டாம், அன்றிரவே சொல்லுங்கள். ஓடிபியைத் தானே பிறருக்குச் சொன்னவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. புகார் கொடுக்கும்வரை போன பணம் அவருடைய நட்டம், கொடுத்தபின் போவது வங்கியின் பொறுப்பு. அதற்காகவும் சீக்கிரம் சொல்ல வேண்டும்.

6. நிறுவனத்துக்கு எழுதும்போது பணத்தின் அடையாளத்தை எழுதுங்கள்.

"என் பெயர் இன்னது, என் கணக்கு ஹேக் ஆகிவிட்டது" என்று எழுதினால் அவர்களால் எதையும் தேட முடியாது. ஈமெயிலையும் கள்ளன் மாற்றி வைத்திருப்பான். கழிந்த தேதி, சரியான தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம் அல்லது யூபிஐ ஐடி, வங்கி தந்த பரிவர்த்தனை எண், பழைய ரசீதில் உள்ள ஆர்டர் எண் ஆகியவற்றை எழுதுங்கள். கூகுள் பிளேயின் ஆர்டர் எண் `GPA.` என்று தொடங்கும். முழுக் கார்டு எண், சிவிவி, ஓடிபி, பின் எதையும் எழுதாதீர்கள்.

வங்கியில் சார்ஜ்பேக் கேட்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பணத்தை வங்கி வழியாகத் திருப்பி வாங்கினால், சில நிறுவனங்கள் அந்தக் கணக்கையே நிரந்தரமாக மூடிவிடும். உள்ளே பத்து வருடப் படங்கள் கிடந்தால், 199 ரூபாய்க்காக அதை இழக்க யாரும் விரும்ப மாட்டார்கள். பெரிய தொகை என்றால் தயங்க வேண்டாம்.

7. உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள்.

பதற்றத்தில் தேடும்போது மேலே வரும் எண்களில் போலியும் கலந்திருக்கும். "ஒரு ஆப் போடுங்க, ரீபண்ட் தாறோம்" என்று சொல்பவன் மிச்சத்தையும் எடுத்துவிடுவான். வங்கியின் எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். மீட்புக்கு `g.co/recover`, `facebook.com/hacked` போன்ற அவரவர் பக்கங்களே போதும். வங்கியில் பதிந்திருப்பது களவு போன அதே ஈமெயில் என்றால், அதைக் கிளையில் நேரில் போய் மாற்றிவிட வேண்டும். போனில் சிக்னலே திடீரென்று போய்விட்டால், சிம்மும் கை மாறிவிட்டதோ என்று சந்தேகித்து அதை முதலில் முடக்குங்கள்.

8. எதையும் வாயால் முடிக்காதீர்கள்.

கவுண்டரில் "பாத்துக்கிடலாம்" என்ற பதிலோடு திரும்பாமல் புகார் எண்ணும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் நியாயமாக இல்லை என்றாலோ, `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் காசு செலவில்லாமல் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். புகார் எண் இல்லாமல் அங்கே போனால் எடுபடாது.

கடைக்கு வருபவரிடம் பாஸ்வேர்டு கேட்காதீர்கள், ஓடிபியை அவரே பார்த்து அவரே அடிக்கட்டும். முதலில் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள், மக்களே. நிறுத்த வேண்டிய அனுமதி எது என்று அதிலுள்ள வரியே சொல்லிவிடும்.