அளவீட்டு அட்டவணையை அறிதல்

வேதியியல் ஆய்வகத்தில் நிகழும் சோதனைகளுள் தரம்பார்த்தல் என்பது ஒன்று. வலிமை தெரிந்த கரைசல் ஒன்றைக் கொண்டு, வலிமை தெரியாத கரைசலின் திறனை அளந்தறிவதே அதன் நோக்கம். அச்சோதனையில் கண்ட எண்களை ஓர் அட்டவணையில் குறித்தல் மரபு. அவ்வட்டவணையைப் படிக்கும் முறையைக் காண்போம்.

காய்ச்சலால் ஆய்வக வகுப்புக்கு வாராதிருந்த மாணவன் ஒருவன், தோழனது குறிப்பேட்டின் பக்கத்தைக் கைப்பேசியிற் படமாகப் பெற்றான். படத்தில் மேல் ஓரம் வெட்டுண்டிருந்தமையால், எண்களுக்குரிய அலகு காணப்படவில்லை. இரண்டாம் வரிசையின் ஓர் எண்ணும் மங்கியிருந்தது. அதைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் ஆசிரியரை அணுகினான். அவன் எழுதிய அட்டவணை இது:

| முறை | தொடக்க அளவு | இறுதி அளவு | பயன்பட்ட அமிலம் |
|---|---|---|---|
| 1 | 0.0 | 19.2 | 19.2 |
| 2 | 19.2 | 31.8 | 18.6 |
| 3 | 0.0 | 18.6 | 18.6 |
| | | சராசரி | 18.6 |

"ஐயா, மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 18.8 வருகிறது. இங்கோ 18.6 என்றிருக்கிறது. தோழன் கணக்கில் தவறினானோ?" என்று வினவினான்.

ஆசிரியர், "தம்பி, சராசரியைப் பின்னர்க் காண்போம். முதலில் இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்துகொள்" என்று தொடங்கினார்.

கூம்புக்குடுவையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக்கரைசல். பிப்பெட்டினால் ஒவ்வொரு முறையும் சரியாக 20.0 மி.லி. எடுத்துக் குடுவையில் விடுகின்றனர். அதனுடன் இரண்டு மூன்று துளி ஃபினாப்தலீன் சேர்த்தவுடன் கரைசல் இளஞ்சிவப்பாகிறது. மேலே தாங்கியில் நிற்கும் பியூரெட்டில் 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் நிறைந்திருக்கிறது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே அமிலத்தைச் சிறிது சிறிதாக விட, ஒரு துளியில் இளஞ்சிவப்பு நிறம் முற்றும் நீங்குகிறது. அதுவே முடிவுநிலை.

பியூரெட்டில் சுழி மேலேயும் ஐம்பது கீழேயும் இருக்கும். அமிலம் கீழிறங்க இறங்க எண் பெருகும். ஆதலின் இறுதி அளவு என்பது, அமிலம் எவ்வளவு செலவாயிற்று என்பதன்று. அமிலத்தின் மட்டம் எங்கே நிற்கிறது என்பதேயாம். இறுதி அளவிலிருந்து தொடக்க அளவைக் கழித்தால்தான் செலவு தெரியும். மட்டத்தைப் பார்க்கும்போது, வளைந்த பரப்பின் அடிப்புள்ளிக்கு நேராகக் கண்ணை வைத்தல் வேண்டும். கண் மேலே இருப்பின், எண் குறைந்து தோன்றும். கீழே இருப்பின் மிகுந்து தோன்றும்.

"அவ்வாறாயின், இரண்டாம் வரிசையில் 31.8-லிருந்து 19.2-ஐக் கழித்தால் 12.6 அன்றோ வருகிறது, ஐயா?"

"நன்று கண்டாய். கழித்துப் பார்த்தவனுக்குத்தான் இது புலப்படும். படத்தில் மங்கிய எண் இதுதானே? 19.2-உடன் 18.6-ஐக் கூட்டு."

"37.8."

"ஆம். ஏழின் மேற்கோடு மங்கிப் படத்தில் ஒன்றுபோல் தோன்றியிருக்கிறது. மூன்று எண்களில் இரண்டு தெளிவாயிருப்பின் மூன்றாவதை மீட்டுவிடலாம். ஆயினும் தோழனது ஏட்டையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடு. ஊகம் சரியாயிருக்கலாம், மூலம் அதனினும் சரியானது."

மூன்றாம் முறை மீண்டும் 0.0-இல் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. இரண்டு முறையில் 37.8 மி.லி. இறங்கிவிட்டது. பியூரெட்டின் கொள்ளளவு 50 மி.லி. எஞ்சியிருப்பது 12.2 மி.லி. மட்டுமே, மேலும் ஒரு முறைக்கு அது போதாது. எனவே பியூரெட்டை மீண்டும் சுழிவரை நிரப்பினர். 0 என்னாது 0.0 என்று குறித்ததும் காரணம் பற்றியே. பியூரெட்டின் கோடுகள் பத்தில் ஒரு மி.லி. வரை அளப்பன; தொடக்கத்தையும் அத்துணை நுட்பமாகப் பார்த்தோம் என்பதை அப்புள்ளி அறிவிக்கிறது.

இனிச் சராசரிக்கு வருவோம். முதன்முறை அமிலம் விடுகின்றவனுக்கு முடிவுநிலை எங்கே வரும் என்பது தெரியாது. ஆதலின் விரைந்து விடுகிறான். நிறம் நீங்கிய பின்னும் சில துளி மிகுதியாக விழுந்துவிடுகிறது. 19.2 அவ்வாறு பெற்ற தோராய அளவு. அடுத்த முறைகளில் 18 மி.லி. வரை விரைந்து விட்டு, பின்னர் ஒவ்வொரு துளியாக விடுகிறான். 18.6, 18.6 என்று இரண்டும் ஒத்துவருகின்றன. 0.1 மி.லி.க்கு மேல் வேறுபடாத அளவுகளையே ஒத்த அளவுகளாகக் கொள்வது வழக்கம். சராசரி காண்பது அவற்றுக்கு மட்டுமே. தோராய அளவைச் சேர்த்தால், தெரிந்தே ஒரு பிழையை விடையிற் கலந்ததாகும். அதற்காக அதனை அழித்துவிடவும் கூடாது. நிகழ்ந்தது நிகழ்ந்தபடி அட்டவணையில் நிற்க வேண்டும்.

அலகு இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை. அட்டவணையில் உள்ளவை யாவும் மி.லி. அளவுகள். அவற்றைக் கொண்டு காரத்தின் திறனைக் கணிப்போம். அமிலத்தின் கன அளவை அதன் திறனால் பெருக்கியது, காரத்தின் கன அளவை அதன் திறனால் பெருக்கியதற்குச் சமம்.

V₁N₁ = V₂N₂

18.6 × 0.1 = 20.0 × N₂

N₂ = 1.86 ÷ 20.0 = 0.093

இருபுறமும் மி.லி. இருத்தலால் அவ்வலகு நீங்கிவிடுகிறது. லிட்டராக மாற்ற வேண்டுவதில்லை. காரத்தின் திறன் 0.093 நார்மல். சோடியம் ஹைட்ராக்சைடின் சமான எடை 40. ஆகவே ஒரு லிட்டரில் உள்ள எடை 0.093 × 40 = 3.72 கிராம். 18.8-ஐச் சராசரியாகக் கொண்டிருப்பின் 0.094 நார்மல் என்றும், 3.76 கிராம் என்றும் வந்திருக்கும். பொருந்தாத ஓர் எண்ணைச் சேர்த்ததனால் லிட்டருக்கு 0.04 கிராம் இல்லாத காரம் தோன்றிவிடுகிறது.

"இரண்டு அளவுகள் ஒத்துவிட்டால் விடை சரியென்று துணியலாமா, ஐயா?" என்று மாணவன் கேட்டான்.

"துணியலாகாது. பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளி, கணக்கிற் சேராதது. அதனை ஒவ்வொரு முறையும் ஊதித் தள்ளுகிறான் ஒருவன் எனக் கொள். குடுவையில் எப்போதும் 20.0 மி.லி.க்கு மிகுதியாகவே காரம் இருக்கும். அமிலமும் எப்போதும் மிகுதியாகவே செலவாகும். அளவுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்திருக்கும். ஆயினும் எல்லாம் தவறு. ஒத்திருத்தல் கையின் சீர்மையைக் காட்டும்; உண்மையைக் காட்டுவது முறையின் செம்மை. சிலர் இரண்டாம் அளவைக் கண்டதும் மூன்றாவதைச் செய்யாமலே அவ்வெண்ணை எழுதிவிடுவர். அவ்வட்டவணை பார்வைக்கு ஒத்திருக்கும்; ஆனால் அங்கே அளக்கப்பட்டது ஒன்றுமில்லை."

மாணவன் 31.8 என்பதை ஒரு கோட்டால் அடித்து, அருகே 37.8 என்று எழுதினான். வெட்டுண்ட தலைப்பின் இடத்தில் மி.லி. என்று சேர்த்தான். பழைய எண் கோட்டின் கீழே படிக்கும்படியாகவே இருந்தது. திருத்தும் முறையும் அதுவே.

பயிற்சி

1. இறுதி அளவே செலவான அமிலத்தின் அளவு ஆகாமை ஏன்?
2. சராசரி காண்கையில் 19.2 விலக்கப்பட்டமைக்குக் காரணம் யாது?
3. ஒத்த அளவுகள் 19.0, 19.0 மி.லி. எனின், காரத்தின் திறனையும் ஒரு லிட்டரில் உள்ள எடையையும் கணிக்க.