புகை புகுந்த அறைகளுக்கும் இழப்பீடு உண்டு

கேள்வி: சென்ற மாதம் எங்கள் சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டு தீ விபத்து ஏற்பட்டது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் காயமில்லை. வீட்டுக்கும் பொருள்களுக்கும் சேர்த்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி எடுத்திருக்கிறோம். வந்த சர்வேயர் சமையலறையை மட்டும் பார்த்துவிட்டு 54,000 ரூபாய் எழுதியிருக்கிறார். ஹாலிலும் படுக்கையறையிலும் மேற்கூரை முழுக்கக் கரி படிந்திருக்கிறது. ஹாலைப் பாதி கழுவிவிட்டோம். இப்போது ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் பணம் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், அம்மா. அந்த வவுச்சரில் ‘முழுமையான, இறுதியான தீர்வாக’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மீதித் தொகையைக் கேட்கும் வழியை நீங்களே அடைத்துக்கொண்டதாகக் கம்பெனி வாதாடும். ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கிய கையெழுத்து மேல்கோரிக்கையைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் கூறியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கடியை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

நான் நடத்திய ஒரு விவகாரம் உங்களுடையதைப் போன்றதே. மதுரையில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. வடை சுடும்போது எண்ணெய் பற்றி, எக்ஸாஸ்ட் ஃபேன் வயர் வழியாகப் பரணில் இருந்த அட்டைப் பெட்டிகளுக்குத் தீ ஏறியது. தீயணைப்புத் துறையினர் வந்து அணைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் துடைப்பமும் வாளியுமாக வந்து நின்றபோது, கல்லூரியில் படிக்கும் அந்த வீட்டுப் பெண், ‘யாரும் எதையும் தொடாதீங்க’ என்று நிறுத்திவிட்டுக் கைப்பேசியோடு எல்லா அறைகளுக்கும் போனாள்.

ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று முழுதாக ஒரு படம், பிறகு நான்கு மூலையிலிருந்தும் படம், அண்ணாந்து மேற்கூரையைப் படம். அதற்கப்புறம்தான் கிட்டப்போய் எடுத்தாள். ஏசியின் ஃபில்டரைக் கழற்றி எடுத்தாள். பீரோவைத் திறந்து புடவை அடுக்கை எடுத்தாள். ஜன்னல் திரையின் ஒரு மடிப்பை விரித்து, கரி படிந்த பக்கமும் படியாத பக்கமும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்தாள். வெள்ளைத் துணியால் அலமாரி மேல்தட்டை ஒருமுறை துடைத்து, துடைத்த தடத்தையும் துணியையும் சேர்த்து எடுத்தாள். ஃபிரிட்ஜ், மிக்ஸி, சிம்னி ஆகியவற்றில் ஒட்டியிருந்த மாடல் எண்ணும் வரிசை எண்ணும் படமாயின. சேதமே இல்லாத பூஜையறையையும் விடவில்லை. அந்தப் படம் பிற்பாடு பெரிய உதவி செய்தது. கதவு சாத்தியிருந்த அறை சுத்தமாக இருந்ததால், மற்ற அறைகளில் இருப்பது பழைய அழுக்கு அல்ல, அன்றைய புகைதான் என்பது தெளிவாயிற்று.

தீ ஓர் அறையோடு நிற்கும், புகை நிற்காது. சூடான புகை மேலே எழும்பிக் கூரையை ஒட்டியே பக்கத்து அறைகளுக்குப் போய், குளிர்ந்த பரப்பில் கரியாகப் படியும். எண்ணெய்யும் பிளாஸ்டிக்கும் எரிந்த கரி பிசுபிசுப்பானது. அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் மஞ்சள் கறையாக வெளியே வரும். சுரண்டி, கழுவி, பிரைமர் அடித்துத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். இந்தச் செலவும் தீயால் வந்த நஷ்டமே.

மதுரைக் குடும்பம் கேட்டது 1,96,000 ரூபாய். அதில் சமையலறைக்கு 1,02,000, மூன்று அறைகளின் பெயின்ட் வேலைக்கு 46,000, ஏசி சுத்தம் செய்ததற்கும் புடவை, திரை, மெத்தைக்கும் 20,000, டிவிக்கு 28,000. சர்வேயர் எழுதியது 71,000. சமையலறைக் கணக்கில் தேய்மானம் என்று 31,000-ஐக் கழித்துவிட்டு, மற்ற அறைகளை அறவே விட்டுவிட்டார். அவர் வந்தது நான்காம் நாள். அதற்குள் வீட்டார் ஹாலைக் கழுவியிருந்தார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது தவிர்க்க முடியாதது.

நாங்கள் முதலில் சர்வே அறிக்கையின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்கினோம். பிறகு அறைவாரியாகப் படங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பெயின்டரின் மதிப்பீடு, சலவைக்கடை ரசீது, சர்வீஸ் சென்டர் பில் என்று வைத்து ஆட்சேபக் கடிதம் அனுப்பினோம். தேய்மானத்துக்குப் பதில் பாலிசியிலேயே இருந்தது: இந்த வகைப் பாலிசியில் வீட்டுப் பொருள்களுக்கு அதே மாதிரிப் புதுப் பொருள் வாங்கும் விலைதான் அளவுகோல். டிவி விஷயத்தில் கம்பெனி சொன்னது சரி. படத்தில் அதன் மேல் கரி இல்லை, ஓடிக்கொண்டும் இருந்தது. அதை நாங்களே விட்டுக்கொடுத்தோம். சர்வேயர் மறுபடி வந்து பார்த்தார். 1,68,000 ரூபாய் கிடைத்தது. டிவியைப் பிடிவாதமாகக் கேட்டிருந்தால் மற்றப் படங்களின் மீதும் சந்தேகம் விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இனி உங்கள் விஷயம். கழுவாத பாதியை இன்றைக்கே மேலே சொன்ன வரிசையில் படம் எடுங்கள். கழுவின சுவரும் கழுவாத சுவரும் சேரும் இடம் உங்களுக்கு நல்ல சாட்சி. அன்று உதவிக்கு வந்தவர்களின் கைப்பேசியில் ஏதாவது படமோ வீடியோவோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். எரிந்த மிக்ஸி, சிம்னி போன்றவை இருந்தால் அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கம்பெனி மறுபடி பார்க்கக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் பற்றிய உள்விவரம் அழிந்து, படமும் சுருங்கிவிடும். எனவே மூலப் படம் எடுத்த கைப்பேசியிலேயே இருக்கட்டும்; ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். விவகாரம் வழக்காகி, படத்தை எதிர்த்தரப்பு மறுத்தால், பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி சான்று தர வேண்டிவரும். அப்போது மூலக் கோப்பு தேவைப்படும்.

சர்வேயர் எழுதிவிட்டாரே என்று தயங்க வேண்டாம். அவர் அறிக்கை முக்கியமான ஆவணம், ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆட்சேபத்தை உங்கள் கிளைக்கும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுத்தில் அனுப்பி, பெற்றதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட 54,000-ஐ உடனே தரச் சொல்லி, ‘மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட முன்வாருங்கள்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். உங்கள் தொகைக்கு ஓம்பட்ஸ்மேனிடம் முதலில் போவதே சரி என்பேன்.