எந்த வாயில்? எத்தனையாவது தளம்?

பெங்களூரு மாநகரின் தென்கிழக்கில், கோரமங்களாவை அடுத்து அமைந்துள்ள பகுதி ஈஜிபுரா. முன்பு சிற்றூராக இருந்த இவ்விடம் இன்று நகரத்துக்குள் கலந்துவிட்டது. பெரிய தெருக்களை 'மெயின்' என்றும், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் தெருக்களைக் 'கிராஸ்' என்றும் எண்ணிட்டு அழைப்பது பெங்களூரு வழக்கம். ஈஜிபுராவிலும் அவ்வாறே. குறுகிய கிராஸ் ஒன்றில் ஓட்டு வீடும், அதன் பின்புறத்திலேயே பல மாடி அடுக்ககமும் நிற்பதை அங்குக் காணலாம்.

அத்தகைய கிராஸ் ஒன்றிலுள்ள சிறிய வீட்டில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பெற்றோருடனும் பாட்டியுடனும் வசிக்கிறாள். பாட்டிக்கு நீரிழிவு நோய். அவருக்குரிய இன்சுலின் மருந்து, பனிக்கட்டிப் பைகள் வைத்த பெட்டியில் கூரியர் மூலம் வரும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிரில் வைத்திருக்க வேண்டும். வெளியே சிறிது நேரம் இருந்தால் உடனே கெட்டுவிடாது. ஆனால் வெயிலில் கிடந்தால் அதன் ஆற்றல் குறையும். குறைந்ததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் பெரும்பாலும் இயலாது. சென்ற முறை வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையில் பெட்டி வாசற்படியில் வைக்கப்பட்டு, நண்பகல் முழுவதும் வெயிலில் கிடந்தது. அம்மருந்தைப் பயன்படுத்த அஞ்சி, வேறு வாங்க வேண்டியதாயிற்று.

இம்முறை மருந்து வரும் வெள்ளிக்கிழமை அன்று பாட்டிக்கு மருத்துவமனையில் பரிசோதனை. தாயும் உடன் செல்கிறார். தந்தைக்கு வேலை, மாணவிக்குப் பள்ளி. பின்புறத்து அடுக்ககத்தில் வசிக்கும் அக்கா, பெட்டியைத் தாமே பெற்றுத் தம் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருப்பதாகக் கூறினார். இனிச் செய்ய வேண்டியது ஒன்றே. அக்காவின் வீட்டை அடையும் வழியைக் கூரியர் ஊழியருக்குச் சொல்ல வேண்டும். தந்தை அப்பொறுப்பை மகளிடம் விட்டார்.

அவள் முதலில் அனுப்பிய செய்தி இது:

"அக்கா, கூரியர் உங்கள் வீட்டுக்கு எப்படி வர வேண்டும்?"

உடனே விடை வந்தது:

"மெயின் கேட் வழியாக வந்து மூன்றாம் பிளாக், இரண்டாம் மாடி."

படிப்பதற்குத் தெளிவாகத் தோன்றும் இவ்விடையில் மூன்று இடர்கள் உள்ளன.

முதலாவது 'மெயின் கேட்'. அந்த அடுக்ககத்துக்கு இரண்டு வாயில்கள். கிழக்கே பெரிய தெருவை நோக்கியது ஒன்று; மேற்கே கிராஸை நோக்கியது மற்றொன்று. அங்கே குடியிருப்பவருக்கு மெயின் கேட் எது என்பது ஐயமின்றித் தெரியும். புதிதாக வருபவரோ தம் கண்ணில் முதலில் படும் வாயிலையே மெயின் கேட் என்று கொள்வார். தெருவுக்கே 'மெயின்' என்னும் பெயர் வழங்கும் ஊரில் இக்குழப்பம் இருமடங்காகும்.

இரண்டாவது 'மூன்றாம் பிளாக்'. அக்கா குறிப்பிட்டது அடுக்ககத்துக்குள் நிற்கும் மூன்றாவது கட்டடத்தை. ஆனால் பெங்களூருவில் 'பிளாக்' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கோரமங்களா, ஜெயநகர் போன்ற பகுதிகள் பல பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டவை. அங்கே ஒரு பிளாக் என்பது தெருக்கள் பல அடங்கிய ஒரு வட்டாரம். ஈஜிபுராவில் நின்றுகொண்டு 'மூன்றாம் பிளாக்' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் கோரமங்களா மூன்றாம் பிளாக்குக்கு வண்டியைத் திருப்பினாலும் அவரைக் குறை கூற இயலாது.

மூன்றாவது 'இரண்டாம் மாடி'. இதுவே மூன்றிலும் சிக்கலானது. இந்தியாவில் நிலத்தோடு ஒட்டியதைத் தரைத்தளம் என்றும், அதற்கு மேலுள்ளதை முதல் தளம் என்றும் எண்ணுவது பொது வழக்கு. ஜப்பானிலோ நிலத்தோடு ஒட்டியதே முதல் தளம். தமிழ்ப் பேச்சிலும் இருவகை எண்ணிக்கையும் கலந்து வழங்குகின்றன. 'இரண்டு மாடி வீடு' என்று ஒருவர் சொன்னால், தரையையும் சேர்த்து இரண்டா, தரைக்கு மேல் இரண்டா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. இக்காலத்து அடுக்ககங்களில் தூண்களுக்கிடையே கார் நிறுத்துமிடமும் சேர்ந்துகொள்கிறது. அதை ஒரு தளமாக எண்ணுவாரும் உண்டு, எண்ணாதாரும் உண்டு.

முகவரியும் கைப்பேசி வரைபடமும் இருக்க, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றலாம். 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. ஈஜிபுராவுக்குரிய எண் 560047. இவ்வெண் கடிதத்தை உரிய அஞ்சலகம் வரை சேர்க்கும், வீட்டைக் காட்டாது. கைப்பேசி அனுப்பும் இருப்பிடக் குறி, திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குத் துல்லியமானது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அத்துல்லியம் குறையும். 2025இல் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின் என்னும் பத்தெழுத்துக் குறியீடு, நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டர் நீள அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறது. இவ்வளவு நுட்பமான அதிலும் உயரம் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள பத்து வீடுகளுக்கும் குறியீடு ஒன்றே. எந்த வாயிலில் காவலர் வண்டியை உள்ளே விடுவார் என்பதையும் எந்த வரைபடமும் சொல்வதில்லை. அதை அங்கே வாழ்பவரிடந்தான் கேட்டறிய வேண்டும்.

மாணவி அக்காவின் விடையைத் தந்தையிடம் காட்டினாள். கூரியர் ஊழியரின் இடத்தில் தம்மை வைத்துப் படித்த தந்தை, "கிழக்கு வாயிலில் போய் நிற்பதா, மேற்கு வாயிலிலா?" என்று கேட்டார். அக்கேள்வியிலிருந்தே அவளுடைய இரண்டாம் செய்தி உருவாயிற்று.

"வணக்கம் அக்கா. வெள்ளிக்கிழமை காலை 11 மணியளவில் பாட்டியின் இன்சுலின் பெட்டி வரும். கூரியர் ஊழியருக்கு வழி எழுதி அனுப்ப வேண்டும். நான்கு செய்திகள் மட்டும் சொல்லுங்கள். ஊழியர் வர வேண்டியது பெரிய தெருவிலுள்ள கிழக்கு வாயிலா, எங்கள் கிராஸிலுள்ள மேற்கு வாயிலா? அவ்வாயிலில் நுழைந்ததும் உங்கள் கட்டடம் இடப்பக்கமா, வலப்பக்கமா? மின்தூக்கியில் எந்த எண்ணை அழுத்த வேண்டும்? உங்கள் கதவில் எழுதியுள்ள எண் என்ன? உங்களுக்குத் தொந்தரவு தருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா."

அக்கா எழுதிய விடை:

"இதில் என்னம்மா தொந்தரவு! கிழக்கு வாயிலில் பொருள் கொண்டுவரும் வண்டிகளை விடுவதில்லை. மேற்கு வாயிலுக்கே வரச் சொல். நுழைந்ததும் வலப்பக்கம் இரண்டாவதாக நிற்பது எங்கள் கட்டடம். சுவரில் 3 என்று பெரிதாக எழுதியிருக்கும். மின்தூக்கியில் 3ஐ அழுத்த வேண்டும். கதவில் 203."

இவ்விடையிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, அக்கா முன்பு 'மெயின் கேட்' என்றது ஊழியர் நுழையவே முடியாத வாயிலை. அவர் நாள்தோறும் நடந்து செல்லும் வழி அது. ஆகவே முதலில் அதுவே நினைவுக்கு வந்திருக்கிறது. இரண்டாவது, இரண்டாம் மாடிக்கு அழுத்த வேண்டிய எண் 3. அக்கட்டடத்து மின்தூக்கியில் கார் நிறுத்துமிடம் 0. அதற்கு மேல் வீடுகள் தொடங்கும் தளத்தை அங்குள்ளோர் தரைத்தளம் என்கின்றனர். அதன் எண் 1. அவ்வாறு எண்ணிச் சென்றால் இரண்டாம் மாடி 3ஆம் எண்ணில் வரும். 'இரண்டாம் மாடி' என்று மட்டும் அறிந்து வந்தவர் 2ஐ அழுத்தி, 103ஆம் எண் வீட்டின் முன் நின்றிருப்பார். தளத்தின் பெயரைவிடக் கதவு எண்ணும் பொத்தான் எண்ணும் நம்பத்தக்கவை; அவை கண்ணால் காணக்கூடியவை.

இரு செய்திகளையும் இலக்கண நோக்கில் ஒப்பிடலாம். தெரியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. 'எப்படி வர வேண்டும்?' என்பது அவ்வகை. அது பரந்த வினா. விடையின் எல்லையை விடை கூறுபவரிடமே விட்டுவிடுகிறது. 'கிழக்கு வாயிலா, மேற்கு வாயிலா?' என்பது ஐய வினா. இரண்டில் எது என்னும் ஐயத்தை அது வெளிப்படுத்துகிறது. கேட்கப்பட்டவரும் இரண்டையும் மனத்தில் வைத்துப் பார்த்த பிறகே விடை சொல்ல நேர்கிறது. அக்காவுக்கு வண்டிகளை விடாத வாயில் நினைவுக்கு வந்தது அவ்வினாவினால்தான்.

'எத்தனை', 'எத்தனையாவது' ஆகிய சொற்களையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். 'கட்டடத்தில் எத்தனை தளங்கள்?' என்றால் விடை தொகையாக வரும்: ஐந்து. 'உங்கள் வீடு எத்தனையாவது தளம்?' என்றால் விடை வரிசையாக வரும்: மூன்றாவது. வரிசையைச் சொல்லும்போது எதிலிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும். 'நுழைந்ததும் வலப்பக்கம் இரண்டாவது' என்று அக்கா எழுதியதில் அத்தொடக்கம் இருக்கிறது.

மாணவி இறுதியில் ஊழியருக்கு அனுப்பிய குறிப்பு சிறியது. அவர் கன்னடம் மட்டுமே அறிந்தவராக இருக்கக்கூடும் என்பதால், தன் பள்ளித்தோழியின் உதவியால் கன்னடத்திலும் எழுதினாள். தமிழில் 'மாடி' எனப்படுவது கன்னடத்தில் 'மஹடி'. ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களையும் கண்டு தோழியர் இருவரும் வியந்தனர். குறிப்பு வருமாறு:

"மேற்கு வாயில், கிராஸ் பக்கம். நுழைந்ததும் வலப்பக்கம் இரண்டாவது கட்டடம், சுவரில் 3. மின்தூக்கியில் 3. கதவு எண் 203. குளிரில் வைக்க வேண்டிய மருந்து. காவலரிடம் விட்டுச் செல்ல வேண்டா."

ஈஜிபுரா என்னும் பெயரோ பிளாக் என்னும் சொல்லோ குறிப்பில் இல்லை. ஊர்ப்பெயர் பெட்டியின்மேல் ஒட்டிய முகவரியிலேயே இருந்தது. பிளாக் என்பதற்கு மாற்றாகச் சுவரிலுள்ள எண் நின்றது. பெட்டியைப் பெறும்போது சொல்ல வேண்டிய நான்கிலக்க எண் தந்தையின் கைப்பேசிக்கு வரும். ஊழியர் கதவருகே வந்து அழைத்த பின்னரே அதை அக்காவுக்குச் சொல்வதெனத் தந்தை முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை 11.20 மணிக்கு அக்காவிடமிருந்து தந்தைக்கு ஒரு வரி வந்தது: "பெட்டி வந்துவிட்டது; பனிக்கட்டி இன்னும் உருகவில்லை."

சொற்பொருள்

அடுக்ககம் – பல வீடுகள் அடுக்காக அமைந்த குடியிருப்பு
மின்தூக்கி – மின்சாரத்தால் மேலும் கீழும் இயங்கும் கூண்டு, லிஃப்ட்
இடர் – தொல்லை
வேண்டா – வேண்டாம்

பயிற்சி

1. அக்காவின் முதல் விடையில் 'மூன்றாம் பிளாக்' என்பது ஏன் குழப்பம் தரும்? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. 'எத்தனை', 'எத்தனையாவது' ஆகிய சொற்களை அமைத்து, உம் பள்ளிக் கட்டடத்தைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுதுக. அவற்றுக்கு விடையும் தருக.

3. 'உங்கள் வீட்டுக்கு எந்தப் பேருந்தில் வர வேண்டும்?' என்னும் அறியா வினாவை ஐய வினாவாக மாற்றுக.

4. உம் வீட்டுப் பொருள் ஒன்று அண்டை வீட்டில் சேர்க்கப்பட உள்ளது. வாயில், கட்டடம், தளம் ஆகியவற்றைக் கேட்டு அவ்வீட்டுப் பெரியவருக்கு ஆறு தொடர்களுக்கு மிகாமல் ஒரு செய்தி வரைக.